எந்த நடைமேடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"பெரிய பேருந்து நிலையம், ஏகப்பட்ட நடைமேடை, அறிவிப்பே இல்லை. என் ஊர்ப் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. போன முறை பஸ்ஸை விட்டுவிட்டேன்."

நீங்கள் இறங்கும் ஊர் வழியில்தான் வருகிறது என்று நினைக்கிறேன். பலகையில் பெரும்பாலும் கடைசி ஊர் மட்டும்தான் இருக்கும். அதனால் முதலில் டிக்கெட்டில் பஸ் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நடைமேடையை அந்தப் பெயரில் தேடுங்கள். 9:40க்குக் கிளம்பும் பஸ் என்றால் 9:10க்கே போய், நேரக் காப்பாளர் அறையில் கடைசி ஊர், புறப்படும் நேரம், சர்வீஸ் எண் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் அதே பக்கம் போகும் வேறு பஸ்ஸைக் காட்டிவிடுவார்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

அப்புறம், நடைமேடை காலியாக இருந்தால் பதறி இடம் மாறாதீர்கள். பல பஸ்கள் கிளம்பும் நேரத்தை ஒட்டித்தான் உள்ளே வரும். பத்து நிமிடம் இருக்கும்போதும் வராவிட்டால் மறுபடி அதே அறையில் கேளுங்கள். முன் பஸ் நகராமல் நின்றால் உங்கள் பஸ்ஸைப் பக்கத்து நடைமேடையில் விட்டிருக்கலாம். வண்டி எண் குறுஞ்செய்தியில் வந்திருந்தால், ஏறும் முன் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.