ஒரு இன்ஸ்டால் ஆறு ரூபாய்: மலிவா, வீண் செலவா?

கேள்வி: பால் ஊற்றுபவர்கள் வீட்டுவாரியாகக் கணக்கு வைத்துக்கொள்ள, தமிழில் ஒரு ஆப் செய்திருக்கிறேன். ஆண்டுச் சந்தா ₹299. கூகுள் விளம்பரத்துக்கு ஒரு மாதம் ₹18,000 செலவழித்ததில் 3,000 இன்ஸ்டால் வந்தது. சந்தா கட்டியவர்கள் 9 பேர்தான். அதே மாதம் விளம்பரமில்லாமல் தானாக வந்த 200 பேரில் 5 பேர் கட்டினார்கள். "ஆறு ரூபாய்க்கு இன்ஸ்டால் கிடைப்பது ரொம்ப மலிவு, பட்ஜெட்டை ஐம்பதாயிரமாக்குங்கள்" என்கிறது ஏஜென்சி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். இப்போது போவதையும் நிறுத்திவையுங்கள்.

கூகுள் பிளே கட்டணம் 15 சதவீதம் போக, ஒரு சந்தாவில் உங்கள் கைக்கு வருவது சுமார் ₹254. ஒன்பது பேருக்கு ₹2,300கூட இல்லை. அதை 3,000ஆல் வகுத்தால், விளம்பரத்தில் வந்த ஒரு இன்ஸ்டால் உங்களுக்குச் சம்பாதித்துத் தந்தது 76 பைசா. தானாக வந்தவர்களுக்கும் இதே கணக்கைப் போட்டால் ஆளுக்கு ₹6.35 வருகிறது. ஆக, ஆப்பில் பெரிய கோளாறு இல்லை, வந்த ஆட்கள்தான் வேறு. தானாக வந்தவர்களும் இப்படியே நழுவியிருந்தால், விளம்பரத்தை விட்டுவிட்டு ஆப்பைச் சரிசெய்யச் சொல்லியிருப்பேன்.

ஏன் இப்படி ஆனது? நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் விளம்பரத்தின் இலக்கு Install volume என்று இருக்கிறது. இடம், இந்தியா முழுவதும். இன்ஸ்டால் எண்ணிக்கை வேண்டும் என்று கேட்டால், யார் சுலபமாக இன்ஸ்டால் செய்வார்களோ அவர்களைத்தான் கூகுள் தேடிப் பிடிக்கும். இலவச கேம்களுக்கு நடுவே வரும் விளம்பரத்தைத் தெரியாமல் தொட்டவர், எதையும் இறக்கிப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே நீக்குபவர், தமிழே படிக்கத் தெரியாதவர் எல்லாரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். பால் வியாபாரி கிடைப்பது அரிது, அதனால் விலை அதிகம். ஆறு ரூபாய் என்ற விலையே வந்தவர்கள் யாரென்று சொல்லிவிடுகிறது.

அந்த ஒன்பது பேரையும் முழுசாக விளம்பரத்தின் கணக்கில் எழுத முடியாது. உங்கள் ஆப்பின் பெயரையே பிளே ஸ்டோரில் தேடுபவருக்கும் மேலே உங்கள் விளம்பரம்தான் வரலாம். அதைத் தொட்டு இறக்கினால், எப்படியும் வந்திருக்கக்கூடியவருக்கு நீங்கள் காசு கொடுத்ததாக ஆகும். அதனால் முதலில் இரண்டு வாரம் விளம்பரத்தை முழுக்க நிறுத்திவிட்டு, Play Console-இல் தானாக வருபவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறினால், அந்த ஏற்றத்தின் அளவுக்கு உங்கள் சொந்த வாடிக்கையாளரையே விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் ஒரே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆப்பைத் திறந்து, முதல் வீட்டின் பெயரைச் சேர்த்து ஒரு நாள் பாலைப் பதிகிறாரே, அவர்தான் உங்கள் ஆள். அந்த இடத்தில், ஒருவருக்கு ஒருமுறை மட்டும் இதை அனுப்புங்கள்:

```kotlin
analytics.logEvent("first_entry", null)
```

Firebase-ஐ Google Ads-உடன் இணைத்து, விளம்பரத்தின் இலக்கை In-app actions என்று மாற்றி, இந்த நிகழ்வைக் குறியுங்கள். சந்தாவையே இலக்காக வைக்கத் தோன்றும். ஆனால் மாதத்துக்கு ஒன்பது நடப்பதை வைத்துக்கொண்டு கூகுளின் கணிப்பு எதையும் கற்றுக்கொள்ளாது. அதைவிட அடிக்கடி நடக்கிற, அதே நேரம் சும்மா வந்தவர் செய்யாத ஒரு செயல் வேண்டும். இடத்தைத் தமிழ்நாடு, புதுச்சேரி என்று சுருக்கிவிடுங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்? உங்கள் அறிக்கையில், தானாக வந்த 200 பேரில் 50 பேர் முதல் பதிவைப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் 5 பேர் சந்தா கட்டினார்கள். அப்படியானால் பதிவு போட்ட ஒருவர் முதல் ஆண்டில் சராசரியாக ₹25 தருகிறார். பழைய விளம்பரத்தில் பதிவு போட்டவர்கள் 180 பேர், ஆளுக்கு ₹100 ஆகியிருக்கிறது. எனவே ஒரு செயலுக்கான இலக்கு விலையை ₹25 என்று வையுங்கள். தினசரி பட்ஜெட் அதைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும், அதாவது ₹250. இரண்டு வாரத்துக்கு ₹3,500. இன்ஸ்டால் விலை ஆறிலிருந்து பல மடங்கு ஏறினாலும் பதறாதீர்கள், அந்த எண்ணை இனிப் பார்க்கவே வேண்டாம்.

இந்த விலையில் விளம்பரம் பெரும்பாலும் ஓடாமலே கிடக்கலாம். அப்போது ஏஜென்சி இலக்கு விலையை ஏற்றச் சொல்லும். அடுத்த ஆண்டு எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பிக்கிறார்கள் என்ற எண் உங்கள் கையில் வரும்வரை ஏற்றாதீர்கள். பாதிப் பேர் புதுப்பித்தால், இரண்டு ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய ₹37 வரை போகலாம்.