லீவு லெட்டர் வார்ப்பிலிருந்து வெளியே வாருங்கள்

அன்புள்ள மாணவிக்கு,

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கு உதவியாளர் வேலைக்கு நீங்கள் எழுதிய கவர் லெட்டரை மூன்று முறை படித்தேன். ஆங்கிலத்தில் பிழை இல்லை. உங்கள் பேராசிரியர் கவனமாகத் திருத்தியிருக்கிறார். ஆனாலும் பதினான்கு இடங்களுக்கு அனுப்பி ஓரிடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை என்கிறீர்கள். என் கணிப்பில் காரணம் மொழியில் இல்லை. நாம் எல்லோரும் ஆறாம் வகுப்பில் எழுதப் பழகிய லீவு லெட்டரின் வார்ப்பில் இந்தக் கடிதம் இருக்கிறது. மதிப்பிற்குரிய ஐயா, நான் இன்னார், எனக்கு இது தேவை, தயவுகூர்ந்து தாருங்கள், இப்படிக்குப் பணிவுள்ள. விடுப்பு கேட்பவருக்கு இது போதும். கணக்கு மேலாளர் தேடுவதோ தன் மேசையில் குவிந்திருக்கும் வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும் ஆளை.

வரைவை அச்செடுத்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை நான்கு கேள்விகளால் சோதிக்கலாம்: குறிப்பாக இருக்கிறதா, பொருந்துகிறதா, தெளிவாக இருக்கிறதா, தொனி சரியா? முதல் இரண்டுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

முதலில் குறிப்புத்தன்மை. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, “இதை என் வகுப்புத் தோழி தன் கடிதத்தில் ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டுக்கொள்ள முடியுமா?” என்று கேளுங்கள். முடியும் என்றால் அடிக்கோடு இடுங்கள். உங்கள் பதினோரு வாக்கியங்களில் எட்டுக்குக் கோடு விழுந்தது. “நான் கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்” என்பது அவற்றில் ஒன்று. “ஜிஎஸ்டி தாக்கல் செய்வதில் அனுபவம் உண்டு” என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வரியில்தான் உங்கள் கடிதத்தின் உயிர் மறைந்திருக்கிறது, ஆபத்தும் மறைந்திருக்கிறது.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று மாதம் பயிற்சியில் இருந்ததாக பயோடேட்டாவில் இருக்கிறது. அங்கே என்ன செய்தீர்கள் என்று தொலைபேசியில் கேட்டபோது நீங்கள் சொன்னது இது: இரண்டு துணிக்கடைகளின் கொள்முதல் பில்களை டேலி பிரைமில் பதிவு செய்தீர்கள், மாதம் சுமார் 120 பில்கள். பிறகு அவற்றை ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் வராத பில்களைத் தனியே எழுதி மூத்த உதவியாளரிடம் கொடுத்தீர்கள். இந்த விவரத்தில் ஒரு சொல்கூடக் கடிதத்தில் இல்லை.

விற்றவர் தன் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் பில்லைக் காட்டினால்தான் வாங்கியவரின் 2பி பட்டியலில் அது வரும். அங்கே வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. மாதாந்திரத் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு 14ஆம் தேதி வாக்கில் 2பி வருகிறது, 20ஆம் தேதிக்குள் அந்த மாத வரிக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். இடைப்பட்ட அந்த ஒரு வாரம் கணக்குப் பிரிவில் எப்படி இருக்கும் என்பது மேலாளருக்குத் தெரியும். விடுபட்ட பில்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிட்ட பெண் என்று படித்த உடனே அவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆபத்து எங்கே என்றால், “தாக்கல்” என்ற சொல்லில். நீங்கள் தாக்கல் செய்யவில்லை. தாக்கலுக்கு முந்தைய ஒப்பீட்டைச் செய்தீர்கள். நேர்காணலில் “3பியில் வரவை எந்த அட்டவணையில் காட்டுவீர்கள்?” என்று கேட்டால் திணறுவீர்கள். அதன்பின் உண்மையாகச் செய்ததையும் நம்ப மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வினைச்சொல்லையும் வட்டமிட்டு, நானே செய்தேனா, உதவினேனா, பார்த்தேனா என்று பிரியுங்கள். “ஒப்பிட்டேன்” என்பது “தாக்கல் செய்தேன்” என்பதைவிடச் சிறிய சொல்தான். ஆனால் அடுத்த பத்துக் கேள்விகளுக்கும் அது தாங்கும்.

அடுத்தது பொருத்தம். விளம்பரத்தைக் கடிதத்தின் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் கேட்பதற்கு எண் போடுங்கள்: ஒன்று டேலி பிரைம், இரண்டு ஜிஎஸ்டி ஒப்பீடு, மூன்று வெளிப் பட்டறைகள் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க்கின் பில் சரிபார்ப்பு, நான்கு வங்கிக் கணக்கு ஒப்பீடு. உங்கள் வாக்கியம் எதற்குப் பதில் சொல்கிறதோ அந்த எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். எண் கிடைக்காத வாக்கியம் வெளியே போக வேண்டும். கைப்பந்துக் கோப்பையும் சி++ சான்றிதழும் அப்படித்தான் போகின்றன, பயோடேட்டாவில் இருக்கட்டும்.

மூன்றாம் எண்ணுக்கு உங்களிடம் வாக்கியமே இல்லை. திருப்பூரில் அதுதான் தனிவேலை. துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும்போது எடை குறையும். எவ்வளவு அனுப்பினோம், எவ்வளவு வந்தது, எவ்வளவுக்கு பில் போட்டிருக்கிறார்கள் என்று சலானோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை நீங்கள் செய்ததில்லை. செய்ததாக எழுதவும் கூடாது, விட்டுவிடவும் வேண்டாம். துணிக்கடை பில்களைச் சரக்கு வந்த சலானோடு நீங்கள் ஒப்பிட்டிருக்கிறீர்கள், அதற்கு மிக நெருங்கியது அதுதான். அதைச் சொல்லி, ஜாப் ஒர்க் பில்கள் புதியவை என்று ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

தெளிவுக்குச் சோதனை எளிது. கணக்குத் துறை தெரியாத ஒருவரிடம், உங்கள் அக்காவிடமே, அரை நிமிடம் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு, என்ன செய்திருக்கிறாள், எப்போது சேர முடியும்? மூன்றுக்கும் பதில் வர வேண்டும். இப்போதைய வரைவில் வேலையின் பெயரே நான்காவது வாக்கியத்தில்தான் வருகிறது.

கடைசியாகத் தொனி. “என் தந்தை விசைத்தறித் தொழிலாளி, குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது, இந்த வேலை கிடைத்தால் ஆயுள் முழுவதும் நன்றியுடன் இருப்பேன்” என்ற பத்தியை அப்பா சொல்லிச் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பத்தி வேண்டாம். அது பொய் என்பதற்காக இல்லை. படிப்பவர் அதை வைத்து உங்கள் வேலையை எடைபோட முடியாது. தர்மசங்கடத்தோடு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். எதிர்ப்பக்கத்தில் “உங்கள் நிறுவனத்தை உச்சிக்குக் கொண்டுசெல்வேன்” என்ற வரியும் அதே அளவு தவறு. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத வரி எதுவும் கடிதத்தில் இருக்கக் கூடாது.

இதையெல்லாம் செய்தபின் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வரும். ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள், பொருள் மட்டும் தருகிறேன்:

“கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் மூன்று மாதப் பயிற்சியில், இரண்டு துணிக்கடைகளின் கொள்முதல் பில்களை, மாதம் சுமார் 120, டேலி பிரைமில் பதிவு செய்தேன். ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தேன். பில்லையும் சரக்குச் சலானையும் ஒப்பிட்டுப் பழக்கம் உண்டு. ஜாப் ஒர்க் பில்கள் எனக்குப் புதியவை. ஜூன் முதல் வாரத்தில் சேர முடியும்.”

வங்கிக் கணக்கு ஒப்பீட்டைக் கல்லூரிப் பாடத்தில் மட்டும் செய்தீர்களா, பயிற்சியிலும் செய்தீர்களா என்று எனக்குச் சொல்லவில்லை. எதுவோ அதை அப்படியே ஒரு வரியில் சேருங்கள். பிறகு வாழ்த்துரையைப் பாருங்கள். முந்தைய விண்ணப்பத்தின் நிறுவனப் பெயர் இன்னும் அங்கே இருக்கிறது. அடியில் உள்ள உங்கள் கைபேசி எண்ணையும் எண்ணிப் பாருங்கள். ஒன்பது இலக்கங்கள்தான் இருக்கின்றன. மற்ற பதின்மூன்று பேருக்கும் இதே எண்தான் போயிருந்தால், அவர்களுக்கும் திருத்திய கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.