500 கிராம் பாக்கெட்டும் கப் கணக்கும்

"அண்ணா, ஜெர்மனி வந்து பத்து நாள் ஆச்சு. 500 கிராம் காபிப் பொடி பாக்கெட் எத்தனை கப் வரும்? ஒரு கப்புக்கு எவ்வளவு போடணும்? எந்த பிராண்ட் நல்லது, ஊரிலிருந்து பொடி வரவழைக்கலாமா?"

தம்பி, பிராண்டை விடு, குடித்துப் பார்த்தால் உனக்கே பிடிபடும். அளவைச் சொல்கிறேன், நான் ஏமாந்ததே அதில்தான்.

பாக்கெட்டில் 'கெமாலன்' என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார். அதுதான் அரைத்தது. 'கான்ஸே போனன்' என்றால் முழுக் கொட்டை. வந்த வாரம் நான் அதைத்தான் வாங்கினேன். அறையில் மிக்ஸி கிடையாது, மூடியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன்.

அடுத்தது மெஷின். ஜாடியில் 10 என்று கோடு இருந்தால் பத்து கப் என்று நம்பாதே. இங்கே அந்தக் கப் சுமார் 125 மில்லிதான். அதற்கு 7 கிராம் பொடி. அந்தக் கணக்கில் பாக்கெட் 70 கப் வரும். ஆனால் உன் கையில் இருக்கும் மக் 250 மில்லி, அதற்கு 15 கிராம் வேண்டும். 33 மக்தான் வரும். காலை ஒன்று, மாலை ஒன்று என்றால் 16 நாளில் தீர்ந்துவிடும். "ஒரு பாக்கெட் ஒரு மாசம் ஓடும்" என்று எனக்குச் சொன்னவர் பொடியைப் பாதியாகக் குறைத்துப் போட்டு, வெந்நீர் மாதிரி குடித்துக்கொண்டிருந்தார். இங்கே பழையவர்கள் பலர் சிக்கனத்தைக் காட்டுவது காபியில்தான், எனக்கு அது பிடிப்பதில்லை.

அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மூன்று கப் மோக்கா பாத்திரத்தில் 15, 16 கிராம் பிடிக்கும். அழுத்தாமல் நிரப்பு. அந்த மூன்றும் சின்னஞ்சிறு கப், பால் சேர்த்தால் இரண்டு டம்ளர். பாக்கெட்டுக்கு 30 தடவை போடலாம்.

நம் பித்தளை ஃபில்டரில் இந்தப் பொடியைப் போட்டால் தண்ணீர் சட்டென்று இறங்கி டிகாஷன் வெளிறிப்போகும். கொரகொரப்பான அரவை, சிக்கரியும் இல்லை. தண்ணீரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததுதான் காரணம். நான் 25 கிராம் போட்டு, தட்டால் நன்றாக அழுத்தி, 120 மில்லி கொதிநீரை இரண்டு தவணையாக ஊற்றுவேன். பொடியே 50 மில்லி குடித்துவிடும், மீதி 70 கீழே இறங்கும். ஆளுக்கு 100 மில்லி பால் விட்டால் இரண்டு டம்ளர். பாக்கெட்டுக்கு 40 டம்ளர்.

ஊரிலிருந்து மொத்தமாகக் கொண்டுவராதே. அரைத்த பொடி சில வாரத்தில் வாசனை போய்விடும். பெட்டி நிறையக் கொண்டுவருகிறவர்கள் ஆறாவது மாதம் குடிப்பது வெறும் கசப்புத்தான். அரைக் கிலோ போதும், காற்றுப் புகாத டப்பாவில் வை.

சமையல் தராசு ஒன்று வாங்கிக்கொள். என் கரண்டியைத் தராசில் வைத்துப் பார்த்தபோது தலைதட்டி 7 கிராம், குவித்தால் 11. அந்த முதல் குளிர்காலத்தில் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒவ்வொருவரும் ஒரு மாதிரி குவித்துப் போட, தினமும் சண்டை. தராசு வந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான் நாலு டம்ளரும் ஒரே நிறத்தில் ஜன்னலோரம் ஆவி பறக்க நின்றன.