கொரியப் படமும் பாட்டும்: சப்டைட்டில் எதை மறைக்கிறது?

கேள்வி: ஒரு வருஷமாகக் கொரியப் படங்களை ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறேன், பாட்டும் கேட்கிறேன். நிறைய வார்த்தை தெரிகிறது. ஆனால் சப்டைட்டிலை அணைத்தால் புரிவதில்லை. பேசினால் கொரியர்கள் சிரிக்கிறார்கள். எங்கே தவறு?

சப்டைட்டில் ஓடும்போது கண்தான் வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது. அதிலும் ஆங்கில சப்டைட்டில் உங்களுக்குக் கூடுதல் தொல்லை. 'நா ஒஜே ச்சிங்கு மன்னஸ்ஸொ' என்பதைத் தமிழில் அதே வரிசையிலேயே சொல்லலாம்: நான் நேற்று நண்பனைச் சந்தித்தேன். ஆங்கிலத்திலோ 'சந்தித்தேன்' முன்னால் வந்துவிடும், 'நேற்று' கடைசிக்குப் போய்விடும். காதில் 'மன்னஸ்ஸொ' விழும் நேரத்தில் கண் 'நேற்று' என்று படித்துக்கொண்டிருக்கும். இப்படித் தப்பாக ஒட்டிக்கொண்ட அர்த்தங்கள் எளிதில் கழலாது. கேட்டதை மனசுக்குள் தமிழில் அடுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

அவர்கள் சிரிப்பதற்குக் காரணம் அநேகமாக மரியாதை வழக்கு. 'பப் மொகொஸ்ஸொ' என்றால் 'சாப்பிட்டியா'. 'ஷிக்ஸா ஹஷ்யொஸ்ஸொயோ' என்றால் 'சாப்பிட்டீங்களா'. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுக்கும் ஒரே வரிதான். படங்களில் காதலர்களும் நண்பர்களும் ரவுடிகளும்தான் அதிகம் பேசுகிறார்கள், அதனால் உங்கள் வாயில் 'சாப்பிட்டியா' ரகமே ஏறியிருக்கும். அதை ஆசிரியரிடமோ கடைக்காரரிடமோ சொன்னால், புதிதாகப் பார்த்த பெரியவரை 'வாடா' என்று கூப்பிட்ட கதைதான். வாக்கியம் 'யோ' என்று முடிகிறதா என்று முதலில் கவனியுங்கள். அப்படி முடியாத வசனத்தை யார் யாரிடம் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளாமல் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பாட்டு உச்சரிப்புக்கு நல்லது. சொற்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகின்றன என்பது மெட்டோடு மனசில் தங்கிவிடும். ஆனால் பாட்டின் முன்னிலைச் சொற்களைப் பேச்சுக்குக் கொண்டுவராதீர்கள். 'குதே' கவிதைக்கானது. 'தங்ஷின்' பாட்டில் உருக்கம், கணவன் மனைவிக்குள்ளும் புழங்கும். தெருவில் அறிமுகமில்லாதவரிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கும். பேச்சில் பெயரோடு 'ஸ்ஸி' சேர்ப்பார்கள், பதவிப் பெயர் சொல்வார்கள், அல்லது முன்னிலையையே விட்டுவிடுவார்கள்.

இனி முழுப் படத்தைப் பாடமாக்காதீர்கள். அது பொழுதுபோக்காகவே இருக்கட்டும். பாடத்துக்கு இரண்டு நிமிடக் காட்சி ஒன்று போதும், இருவர் சாதாரணமாகப் பேசுவதாக இருந்தால் நல்லது. முதலில் கொரிய எழுத்தான ஹங்குலைக் கற்றுவிடுங்கள், அடிப்படை எழுத்துகள் 24தான். பிறகு காட்சியைச் சப்டைட்டில் இல்லாமல் இரண்டு முறை கேட்டு, பிடிபட்டதை மட்டும் எழுதுங்கள். அடுத்து கொரிய சப்டைட்டிலைப் போட்டு, விட்டுப்போனதை நிரப்புங்கள். காது கேளாதவர்களுக்கான கொரிய சப்டைட்டில் இருந்தால் அதையே எடுங்கள், பேசுவதோடு நெருக்கமாக ஒத்துப்போகும். ஆங்கிலம் கடைசியில், அர்த்தம் சரிபார்க்க மட்டும். அதுவும் இடத்துக்காகச் சுருக்கி எழுதியது என்பதால், அதில் இல்லாத சொல்லைப் பேச்சில் கேட்டால் உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம். முடிவில் வசனத்தை நடிகரோடு சேர்ந்தே சொல்லி, போனில் பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

மறுநாள் படத்தை மறைத்து ஒலியை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் புரிந்தால் அடுத்த காட்சிக்குப் போகலாம். முகத்தைப் பார்த்தால்தான் புரிகிறது என்றால், நீங்கள் இன்னும் நடிப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.