பில்லில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறு பெயர்: வழக்குப் போடலாமா?

கேள்வி: ஆறு வருஷமாக ஒரே வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுக்கிறேன். போன வருஷம் தொழிலைக் கம்பெனியாகப் பதிந்து, வங்கிக் கணக்கையும் கம்பெனி பெயரில் தொடங்கினேன். பில், மின்னஞ்சல், இணையப் பட்டியல்கள் எல்லாம் இன்னும் பழைய கடைப்பெயரில்தான். இப்போது "பில்லில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் வேறு" என்று நான்கு பில்களின் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் பழகியவருக்கு நாங்கள் யாரென்று தெரியாதா? பில்களைக் கம்பெனி பெயரில் மாற்றி அனுப்பிவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: அவர் பழகிய விதத்தை விட்டுவிடுங்கள், வழக்கில் அதற்கு இடமில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நான்கு வேலைகளையும் ஒப்புக்கொண்டது நீங்களா, உங்கள் கம்பெனியா?

கடைப்பெயர் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் அல்ல. அதன் பின்னால் இருக்கும் மனிதருக்கோ பதிவான கம்பெனிக்கோதான் கடன் சேரும். பணத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்தால் கடன் தீராது என்பதால், அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. கணக்கு எண்ணை மாற்றி மின்னஞ்சல் அனுப்பி ஏமாற்றும் மோசடி பரவியிருப்பதால், பெயர் பொருந்தாத பில்லை எந்தக் கணக்குப் பிரிவும் நிறுத்தத்தான் செய்யும். பிரிட்டனில் 2020 முதலே, பணம் அனுப்பும்போது கணக்கின் பெயரை வங்கி சரிபார்த்துச் சொல்கிறது. பொருந்தவில்லை என்று திரையில் வந்த பிறகு யார் துணிந்து அனுப்புவார்?

பில்களை மாற்றி அனுப்புவதாகச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். என்னிடம் வந்த ஒருவர் இதைத்தான் செய்திருந்தார். பழைய எண், பழைய தேதி, தலைப்பில் மட்டும் புதுப் பெயர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பில் எண் ஒன்று, தேதி ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. போதாததற்கு, கம்பெனி பதிவானதே அந்தத் தேதிக்கு மூன்று வாரம் கழித்து. அதுவரை பணம் வராததைப் பற்றி இருந்த வழக்கு, அந்த நிமிஷத்திலிருந்து ஆவணத்தைத் திருத்தியதைப் பற்றிய வழக்காகிவிட்டது. வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த மனிதர், தான் பொய்யன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்தார்.

ஆகவே முதலில் நான்கு ஆர்டர்களின் தேதியையும் பதிவுச் சான்றிதழின் தேதியையும் ஒப்பிடுங்கள். பதிவுக்கு முன் ஒப்புக்கொண்ட வேலை உங்கள் சொந்தப் பேரில் நிற்கும். அந்தப் பில்லைத் தொடாதீர்கள். பணத்தை உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குக் கேளுங்கள், அல்லது அந்தக் கடனை எழுத்து மூலம் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்து அவருக்குத் தெரிவியுங்கள். பதிவுக்குப் பின் கம்பெனியே ஏற்றுச் செய்த வேலை என்றால், பழைய பில்லை கிரெடிட் நோட் போட்டு ரத்து செய்து, புதிய எண்ணிலும் இன்றைய தேதியிலும் புதுப் பில் கொடுங்கள்.

வழக்கில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய எந்தத் தாளிலும் கம்பெனி பெயர் இல்லை. வேலையில் குறை என்று அவர் எதிர்வழக்குப் போட்டால், "நான் பேசியது இந்த மனிதரோடு, கம்பெனி என்று ஒன்று இருப்பதே தெரியாது" என்பார். அது எடுபட்டால் இழப்பீடு உங்கள் சொந்தச் சொத்திலிருந்து போகும். கம்பெனி தொடங்கியதே அதைத் தடுக்கத்தானே?

எனவே சமரசம் செய்யுங்கள் என்றே சொல்வேன். அவர் கடனை மறுக்கவில்லை, யாருக்குக் கொடுப்பது என்றுதான் கேட்கிறார். இது பெரிய சாதகம், நோட்டீஸ் அனுப்பி இதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பக்கத்தில் உடன்படிக்கை எழுதுங்கள்: உங்கள் பெயர், கம்பெனியின் முழுப் பெயர், இரண்டும் பயன்படுத்திய கடைப்பெயர், நான்கு பில் எண்கள், ஒவ்வொன்றின் தொகை, எந்தக் கணக்கில் போட்டால் கடன் தீரும் என்ற வரி. நீங்கள் இரண்டு முறை கையெழுத்திடுங்கள், ஒன்று உங்களுக்காக, ஒன்று கம்பெனிக்காக. அவர் கையெழுத்து கடனை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும். கொஞ்சம் தள்ளுபடி கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். கணக்கு விவரத்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாமல், அவரிடம் ஏற்கெனவே உள்ள உங்கள் எண்ணுக்கே போன் செய்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பெயரைச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எடுத்து, 'லிமிடெட்' உட்பட, பில்லின் தலைப்பிலும் மின்னஞ்சலின் அடியிலும் பட்டியல்களிலும் போடுங்கள். கடைப்பெயரை விட மனமில்லை என்றால் அதைக் கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் வணிகப் பெயர் என்று சேர்த்துக்கொள்ளலாம். பழைய மின்னஞ்சல் முகவரியை உடனே மூடாதீர்கள், பேரம் நடந்த கடிதங்கள் அதில்தான் இருக்கின்றன. பட்டியல்களைத் திருத்தும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஆர்டர் வந்த நாளில் அவர் எந்தப் பெயரைப் பார்த்தார் என்பதற்கு உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.