பேருந்தில் பாதியிலேயே அறுந்துபோகும் பதிவிறக்கம்

*கேள்வி: ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்தில் 3.6 ஜிபி ஜிப் கோப்பு ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் இறக்கப் பார்த்தேன். முதல் தடவை 1.4 ஜிபி, அடுத்து 2.1 ஜிபி, அப்புறம் 0.9 ஜிபி வந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவையும் லிங்க்கை மறுபடி தட்டினேன், சுழியத்திலிருந்து ஆரம்பித்தது. அடுத்த வாரம் இதே பயணம் இருக்கிறது. வேகமான நெட்வொர்க்குக்கு மாறினால் சரியாகுமா?*

மாற வேண்டியதில்லை. மூன்று தடவையும் சேர்த்து 4.4 ஜிபி உங்கள் போனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கோப்போ 3.6 ஜிபிதான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தால் மூன்றாவது முயற்சி தொடங்கிய சில நிமிடங்களிலேயே வேலை முடிந்திருக்கும். இன்னொரு கணக்கும் போடலாம். விநாடிக்கு 10 மெகாபிட் என்ற சுமாரான வேகத்தில் 3.6 ஜிபி இறங்க 48 நிமிடம் ஆகும். ஒன்பது மணி நேரத்தில் அங்கங்கே துண்டு துண்டாக 48 நிமிட சிக்னல் கிடைத்தாலே போதும். ஆக, கோளாறு வேகத்தில் இல்லை. வந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதில் இருக்கிறது.

ஏன் அறுகிறது? டவர் மாறுவதால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சிக்னல் இருக்கும்வரை ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குப் போன் மாறினாலும் அதன் ஐபி முகவரி பெரும்பாலும் மாறாது, இணைப்பும் அறுவதில்லை. சிக்கல் வருவது சிக்னலே இல்லாத நீண்ட இடைவெளியில். போன் நெட்வொர்க்கை விட்டு விலகி மறுபடி சேரும்போது புது முகவரி கிடைக்கலாம். சர்வரோ பழைய முகவரிக்கே தரவை அனுப்பிக்கொண்டிருக்கும். பதில் வராததால் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும். இந்தப் பக்கம் போனுக்கு அதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் மேலே நான்கு கோடு சிக்னல் இருந்தும் பதிவிறக்கப் பட்டை அசையாமல் நிற்கிறது.

இதற்கு மருந்து பழையதுதான். "இந்தக் கோப்பில் இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு" என்று சர்வரிடம் கேட்க முடியும். ஒத்துக்கொண்டால் அது `206` என்று பதில் சொல்லிவிட்டு அங்கிருந்து தரும். `200` என்று சொன்னால், கேட்டதைக் காதில் வாங்காமல் முதலிலிருந்து தருகிறது என்று அர்த்தம். உலாவியில் லிங்க்கை மறுபடி தட்டுவது புதுப் பதிவிறக்கம். பாதியில் நின்றதைப் பதிவிறக்கப் பட்டியலுக்குப் போய் அங்கிருந்து தொடரச் சொல்ல வேண்டும். அதுவே பல நேரம் போதும். ஆனால் உலாவி சில தடவை முயன்றுவிட்டுத் தோல்வி என்று ஒதுங்கிவிடும், நீங்கள் தூங்கிப்போனால் தட்டிவிட ஆள் இல்லை. இரவுப் பயணம் என்றால் நான் பரிந்துரைப்பது டெர்மக்ஸ் என்ற, கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் இலவச ஆப். எஃப்-டிராய்டு தளத்திலிருந்து நிறுவுங்கள். கிளம்புவதற்கு முன்பே, நல்ல இணைப்பு இருக்கும்போது இதைச் செய்து வையுங்கள்:

```
pkg install wget curl unzip
termux-setup-storage
cd ~/storage/downloads
```

முதலில் சர்வர் ஒத்துழைக்குமா என்று பார்த்துவிடுங்கள். `URL` என்ற இடத்தில் உங்கள் லிங்க் வர வேண்டும், மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள்.

```
curl -sL -m 15 -r 0-99 -o /dev/null -D - "URL"
```

முதல் நூறு பைட்டை மட்டும் கேட்கிறோம். கடைசியாக வரும் பதிலில் `206` இருந்தால் கவலை விட்டது. பேருந்தில் ஏறியதும் இதை ஓட விடுங்கள்:

```
termux-wake-lock
until wget -c -T 30 -t 1 -O paadam.zip "URL"
do sleep 20; done
```

இதில் உயிர்நாடி இரண்டு. `-c` என்பது விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வது. `-T 30` என்பது முப்பது விநாடி எதுவும் வராவிட்டால் அந்த இணைப்பைச் செத்ததாக எண்ணி விட்டுவிடச் சொல்வது. இது இல்லாவிட்டால் கோப்பை இறக்கும் கருவியான `wget` தரவுக்காக 900 விநாடி, அதாவது கால் மணி நேரம், செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு ஊரின் நல்ல சிக்னலைக் கடந்து போக அந்த நேரம் போதும்! சுற்றியிருக்கும் `until` வளையம், தோற்றால் இருபது விநாடி பொறுத்து மறுபடி முயலும். `termux-wake-lock` திரை அணைந்த பிறகும் வேலை நடக்க உதவும்.

உங்கள் பயணத்தையே வைத்துச் சொல்கிறேன். 1.4 ஜிபி வந்ததும் மலைப்பாதையில் சிக்னல் போகிறது. அரை நிமிடத்தில் `wget` விட்டுவிடுகிறது. அடுத்த முயற்சிகள் ஒவ்வொன்றும் சர்வரின் முகவரியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் தோற்கும், திரையில் பிழை வரிகள் வரிசையாக ஓடும். பயப்பட வேண்டாம். சிக்னல் திரும்பியதும் `206 Partial Content` என்ற வரி தெரியும். அதன் கீழே பட்டையைக் கவனியுங்கள்: ஏற்கனவே வந்த பகுதி `+++++` என்றும், இப்போது வருவது `====>` என்றும் இருக்கும். கூட்டல் குறிகள் தெரிந்தால் பழைய 1.4 ஜிபி பத்திரமாக இருக்கிறது.

கெட்டுப்போக இடமுள்ள ஒரு விஷயம் லிங்க்கின் ஆயுள். சில தளங்கள் சில மணி நேரமே செல்லுபடியாகும் லிங்க்கைத் தருகின்றன. அப்படியானால் நடுவழியில் `403 Forbidden` என்று திரும்பத் திரும்ப வரும், எத்தனை தடவை முயன்றாலும் பலன் இருக்காது. ஒலியளவுக் குறைப்புப் பொத்தானையும் `C` எழுத்தையும் சேர்த்து அழுத்தி வளையத்தை நிறுத்துங்கள். தளத்துக்குப் போய்ப் புது லிங்க்கை எடுத்து அதே கட்டளையில் போடுங்கள். `-O paadam.zip` என்று பெயரை நாமே வைத்ததே இதற்காகத்தான். லிங்க் மாறினாலும் கோப்பின் பெயர் மாறாததால் பழைய பகுதியோடு ஒட்டிக்கொண்டே தொடரும். உள்நுழைந்தால்தான் கிடைக்கும் கோப்பு என்றால் மட்டும் இந்த வழி சரிவராது. `wget` கையில் கோப்புக்குப் பதில் உள்நுழைவுப் பக்கம்தான் வந்து சேரும்.

ஒரே நேரத்தில் பதினாறு இணைப்பு போடும் பதிவிறக்க ஆப்களை இதற்காகத் தேட வேண்டாம். சிக்னல் போனால் பதினாறும் சேர்ந்தே போகும்.

முடிந்தது என்று வந்த பிறகும் `ls -l` போட்டு அளவு சரியா என்று பார்த்துவிட்டு, இதைக் கொடுங்கள்:

```
unzip -t paadam.zip
```

ஜிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, அதை வைத்து ஒட்டு சரியாக விழுந்ததா என்று இது சொல்லிவிடும். பிழை வந்தால், இடையில் சர்வரில் கோப்பே மாறியிருக்க வாய்ப்பு அதிகம். `wget` அதைக் கண்டுபிடிக்காமல் பழைய பாதியோடு புதிய பாதியை ஒட்டிவிடும். அப்போது அழித்துவிட்டு முதலிலிருந்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

சோதனையில் `206` வராமல் `200` வந்தால் எந்த ஆப்பாலும் தொடர முடியாது, பேருந்தில் அதைத் தொடவே வேண்டாம். கோப்பை அனுப்புகிறவர் தெரிந்தவர் என்றால், அவருடைய லினக்ஸ் அல்லது மேக் கணினியில் துண்டு போட்டு ஏற்றச் சொல்லுங்கள்:

```
split -b 200M paadam.zip part_
```

பதினெட்டுத் துண்டுகள் வரும். அதே 10 மெகாபிட் வேகத்தில் ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள் இறங்கிவிடும். ஒன்று அறுந்தால் அந்த 200 எம்பிதான் நஷ்டம். எல்லாம் வந்ததும் `cat part_* > paadam.zip` என்று சேர்த்துவிட்டு, மேலே சொன்ன `unzip -t` சோதனையைச் செய்யுங்கள். சேர்க்கும்போது போனில் இன்னொரு 3.6 ஜிபி காலி இடம் வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.