காப்புரிமை உள்ள கேன்சர் மாத்திரையின் விலையை அரசு குறைக்க வைக்க முடியுமா? அப்படிச் செய்தால் புது மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள்? (கடலூரிலிருந்து கேட்கிறேன்)

முடியும். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 84-வது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. கட்டாய உரிமம் என்று பெயர். இதனால் காப்புரிமை பறிபோகாது. இன்னொரு கம்பெனியும் அதே மருந்தைத் தயாரித்து, விற்பனையில் ஒரு பங்கை உரிமையாளருக்கு ராயல்டியாகக் கட்டும்.

இந்தப் பிரிவின்கீழ் இந்தியாவில் உரிமம் கிடைத்தது ஒரே ஒரு மருந்துக்குத்தான்: கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சொராஃபெனிப், 2012 மார்ச்சில். ஒரு மாதத்துக்கு 120 மாத்திரை வேண்டும். காப்புரிமை வைத்திருந்த பேயர் கம்பெனியின் விலை 2,80,428 ரூபாய். உரிமம் வாங்கிய நாட்கோ கம்பெனி 8,880 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு. கடலூரில் நாளுக்கு 500 ரூபாய் கூலி வாங்குபவருக்கு முதலாவது 560 நாள் கூலி, இரண்டாவது 18 நாள் கூலி. 18 நாளும் பாரம்தான், ஆனால் கடன் வாங்கியாவது சமாளிக்கலாம்.

ஆராய்ச்சிக் கவலைக்கும் இதே வழக்கில் பதில் கிடைக்கிறது. ராயல்டி முதலில் 6 சதவீதம், 2013-இல் மேல்முறையீட்டில் 7 ஆனது. அதாவது ஒரு நோயாளிக்கு மாதம் சுமார் 620 ரூபாய். பழைய விலையில் தேவைப்பட்டவர்களில் 2 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே மருந்து போய்ச் சேர்ந்தது. மீதிப் பேரிடமிருந்து ஆராய்ச்சிக்கு ஒரு பைசாகூட வரவில்லை. ஆனால் முழு விலை கொடுத்துவந்த அந்தச் சிலரும் மலிவான மருந்துக்கு மாறுவார்கள். அது கம்பெனிக்கு உண்மையான இழப்பு. பணக்கார நாடுகளும் இதையே செய்தால் புது மருந்துக்கான முதலீடு வறண்டுபோகும். அதனால் இந்த வழி எளிதாகக் கிடைக்காமல் இருப்பது எனக்குத் தவறாகப் படவில்லை.

எளிதாகக் கிடைப்பதும் இல்லை. காப்புரிமை தந்து 3 வருஷம் ஆகியிருக்க வேண்டும். மக்கள் தேவை நிறைவேறவில்லை, விலை எட்டவில்லை, இந்தியாவில் அந்தக் கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வரவில்லை என்பதில் ஏதாவது ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். அதற்கும் முன், உரிமையாளரிடமே நியாயமான நிபந்தனையில் உரிமம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். இதற்குச் சாதாரணமாக 6 மாதம் போதும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ரத்தப் புற்றுநோய் மருந்தான தாசடினிபுக்கு விண்ணப்பித்த கம்பெனி உண்மையாகப் பேச்சுவார்த்தை நடத்தவில்லை என்றே 2013-இல் நிராகரித்தார்கள். சர்க்கரை நோய்க்கான சாக்ஸாக்ளிப்டின் மருந்துக்கு, எத்தனை பேருக்கு அது தேவை, எவ்வளவு தட்டுப்பாடு என்று காட்ட முடியாமல் 2016-இல் இன்னொரு விண்ணப்பம் தோற்றது.

இந்த விண்ணப்பம் மருந்தைத் தயாரிக்கத் திறன் உள்ளவர் போட வேண்டியது, நோயாளியின் குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. நீங்கள் செய்ய வேண்டியது, சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் இருந்தால் டாக்டரிடம் மூலப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வது. பிறகு காப்புரிமை முடிந்து வேறு கம்பெனி மாத்திரை வந்துவிட்டதா என்று புதுச்சேரியில் இரண்டு மூன்று மருந்துக் கடைகளில் விசாரியுங்கள். சொராஃபெனிபின் மூலக் காப்புரிமை 2020-லேயே முடிந்துவிட்டது.